சோயா பால் திரிந்த பால் அல்ல

உணவுத் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வரும்: "டோஃபு, சோயா பால், பன்னீர் ஆகியவற்றைக் கொண்டு புரதம் திரிதலை விளக்குக. தேவையான செய்முறையைச் செய்து காட்டுக." மாணவர்கள் பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பார்கள். சோயாவை அரைத்துக் காய்ச்சி, உறைய வைத்து டோஃபு எடுப்பார்கள். இரண்டையும் எடைபோட்டுக் குறித்தபின் விடைத்தாளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "மூன்றும் வெப்பத்தால் புரதம் திரிவதற்கு எடுத்துக்காட்டு."

அந்த வரியில் இரண்டு பிழைகள் உண்டு. மூன்றில் ஒன்று திரியவே இல்லை. மற்ற இரண்டும் வெப்பத்தால் மட்டும் திரிந்தவை அல்ல. கேள்வியில் சோயா பாலைச் சேர்த்திருப்பதே இதைப் பார்ப்பதற்குத்தான். அது திரிவதற்கு முந்தைய நிலை. அங்கே புரதம் மாறிவிட்டது, ஆனால் திரளவில்லை. அந்த இடைநிலையைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தானாகத் தெளிவாகும்.

முதலில் பசும்பாலை எடுத்துக்கொள்வோம். பாலில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி தெளிநீர்ப் புரதங்கள். கேசீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கால்சியம் பாஸ்பேட்டுடன் பிணைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பாலெங்கும் மிதக்கின்றன. பாலின் வெண்மைக்குப் பெரும் காரணம் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான். ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. மயிர்க்கால்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் கப்பா கேசீன் இழைகளும் உண்டு. இந்த இரண்டும் இருக்கும்வரை ஒரு துகள் இன்னொன்றை நெருங்கி ஒட்டாது.

கேசீனுக்குச் சுருட்டி மடித்த இறுக்கமான வடிவம் கிடையாது. ஏற்கெனவே தளர்வாகக் கிடப்பதால், வெப்பம் வந்து அவிழ்க்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை. அதனால்தான் புதிய பாலை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் திரிவதில்லை. அப்படியானால் பழைய பால் அடுப்பில் ஏறியதும் திரிந்துபோவது ஏன்? நுண்ணுயிரிகள் லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிட்டன. புதிய பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். அது 6-க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வாசனையில்கூட பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் துகள்களின் மின்னூட்டம் குறைந்திருக்கும். சூடு ஏறியதும் அவை மோதி ஒட்டிக்கொள்கின்றன. பால் கொள்முதல் செய்யும் இடங்களில் சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலைக் கொதிக்கவைத்துப் பார்ப்பது இந்தத் தன்மையை நம்பித்தான். அங்கே திரிய வைப்பது அமிலம்; வெப்பம் அதற்கு வேகம் கொடுக்கிறது.

இப்போது பன்னீர். அரை லிட்டர் பாலுக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் போதும். அதை நூறு மி.லி. வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாலை 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சில நிமிடம் அந்த நிலையிலேயே வைத்து, இறக்கி 70 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். பிறகு அமிலக் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றி, கரண்டியால் மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். கட்டிகள் ஒதுங்கி, நீர் தெளிந்து, பச்சை கலந்த மஞ்சள் நிறமாகும் கணத்தில் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அந்த நிறம் பாலிலுள்ள ரிபோஃபிளேவின் வைட்டமினுடையது; அது எப்போதும் பாலில் இருந்ததுதான், வெண்மை விலகியதும் வெளியே தெரிகிறது. ஐந்து நிமிடம் அசையாமல் விட்டு, துணியில் வடித்து, எடை வைத்து அழுத்தி, கட்டியைக் குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் போட்டு எடுத்தால் வெட்டுப்படும் பன்னீர் கிடைக்கும்.

கேசீனின் மின்னூட்டம் முழுவதும் சமன்படும் இடம் பி.எச். 4.6. ஆனால் பன்னீருக்கு அவ்வளவு கீழே போகத் தேவையில்லை. சூடான பாலில் 5.3, 5.4 அளவிலேயே கட்டி திரண்டுவிடும். மேலும் மேலும் எலுமிச்சை பிழிபவர்கள் இதை அறியாததால்தான் பன்னீர் புளிப்பாகவும் விறைப்பாகவும் முடிகிறது. மாறாக, வடிந்த நீர் இன்னும் பால்போல் வெண்மையாக இருந்தால் அமிலம் போதவில்லை, அல்லது வேகமாகக் கலக்கியதில் கட்டி பொடிந்துவிட்டது என்று பொருள். தேர்வாளர் பெரும்பாலும் பன்னீரைத் தொடுவதற்கு முன்பே வடிநீரைத்தான் பார்ப்பார்.

அமிலமே திரிய வைக்கிறது என்றால் பாலை ஏன் 90 டிகிரிவரை கொண்டுபோக வேண்டும்? இதற்கு விடை சொல்ல எளிய சோதனை ஒன்று உண்டு. காய்ச்சாத பால், அல்லது பாக்கெட்டில் வரும் சாதாரண பாஸ்டரைஸ் செய்த பால் ஒரு கோப்பை எடுத்து, குளிர்ந்த நிலையிலேயே அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தால் கேசீன் மென்மையான செதில்களாகப் பிரிந்துவிடும். அதை வடிகட்டி, வடிநீரை மட்டும் தனியே கொதிக்கவையுங்கள். தெளிவாக இருந்த நீர் கலங்கி, அதில் புதிதாக வெள்ளைத் துகள்கள் தோன்றும். அவை கேசீனோடு வராமல் தப்பிய தெளிநீர்ப் புரதங்கள். கேசீனைப்போல் அல்லாமல் இவை நூல்கண்டுபோல் இறுகச் சுற்றப்பட்டவை. அமிலத்துக்கு அசையாது, வெப்பத்துக்கு அவிழும்.

பன்னீருக்காகப் பாலை முதலில் நன்றாகக் காய்ச்சும்போது இதே புரதங்கள் அவிழ்ந்து, கந்தகப் பிணைப்புகள் வழியாகக் கேசீன் துகள்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அமிலம் சேர்த்ததும் கேசீனோடு சேர்ந்து அவையும் திரள்கின்றன. பன்னீரின் எடை கூடுவதற்கும், நீரைத் தாங்கி மெதுவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். பன்னீர் வடித்த நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தால் முன்போல் அவ்வளவு துகள் வராது. இந்த இரண்டு வடிநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் மாணவர், வெப்பத்தின் வேலை ஒன்று, அமிலத்தின் வேலை வேறு என்பதை ஒரு வாக்கியம்கூட எழுதாமல் நிரூபித்துவிடுகிறார். ஒரே ஒரு எச்சரிக்கை: மாதக்கணக்கில் கெடாத, அட்டைப் பெட்டியில் வரும் பாலை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அது ஏற்கெனவே மிக அதிக வெப்பம் கண்ட பால்.

இனி சோயாவுக்கு வருவோம். சோயா மொச்சையில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் புரதம். அதில் பெரும்பகுதி கிளைசினின், பீட்டா-கான்கிளைசினின் என்ற இரண்டு சேமிப்புப் புரதங்கள். இவற்றில் கேசீன்போலத் தளர்ந்து கிடப்பது ஒன்றுமில்லை. இரண்டுமே இறுக மடிந்தவை. பசும்பாலில் ஐந்தில் ஒரு பங்கு புரதத்துக்கு இருந்த குணம், சோயாவில் கிட்டத்தட்ட முழுப் புரதத்துக்கும் இருக்கிறது. பன்னீருக்கும் டோஃபுவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

நூறு கிராம் சோயாவை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, எண்ணூறு மி.லி. புது நீர் சேர்த்து நைசாக அரைத்து, துணியில் பிழிந்து சக்கையை ஒதுக்கினால் வெள்ளையான பச்சைச் சோயா பால் கிடைக்கும். அதில் பச்சை மொச்சை வாடை தூக்கலாக இருக்கும். மொச்சை உடைந்து நீரும் காற்றும் பட்டவுடன் லிபாக்ஸிஜினேஸ் என்ற நொதி கொழுப்பில் வேலை செய்வதால் வரும் வாடை அது. கொதிநீர் ஊற்றி அரைத்தால் நொதி உடனே செயலிழந்து வாடை குறையும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1960-களில் செய்த ஆய்வுகளிலிருந்து பரவிய முறை இது.

இந்தப் பச்சைப் பாலில் ஒரு கோப்பையைக் காய்ச்சாமல் தனியே எடுத்து வையுங்கள். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படியில்லை. சோயாப் புரதத்தின் மின்னூட்டம் சமன்படும் இடமும் பி.எச். 4.5-ஐ ஒட்டியதுதான். ஆகவே புரதம் பிரிந்து கீழே படியத்தான் செய்யும். ஆனால் கிடைப்பது குழம்பிய வண்டல்போல ஒரு படிவு. துணியில் ஊற்றினால் பிடிமானமில்லாமல் பரவும், அழுத்தினால் கட்டியாகாது. தொழிற்சாலைகளில் சோயாப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது இதே முறையில் அமிலத்தால் படியவைத்து, பிறகு காரம் சேர்த்து மறுபடியும் கரைத்துவிடுகிறார்கள். காய்ச்சாத புரதம் மடிப்புக் கலையாமலே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் அதைத் திரும்பக் கரைக்க முடிகிறது. இதற்குப் பெயர் வீழ்படிவு. டோஃபுவுக்குத் தேவைப்படுவது வீழ்படிவு அல்ல, நீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும் வலைப்பின்னல்.

அந்த வலை உருவாக, புரதம் முதலில் அவிழ வேண்டும். மீதிப் பாலை அடுப்பில் ஏற்றுங்கள். பீட்டா-கான்கிளைசினின் 70 முதல் 75 டிகிரியிலும், கிளைசினின் 90 டிகிரியை ஒட்டியும் அவிழ்கின்றன. உள்ளே மறைந்திருந்த, நீரை வெறுக்கும் பகுதிகளும் கந்தகத் தொகுதிகளும் வெளியே வருகின்றன. பாடநூல்கள் சொல்லும் இயல்பிழத்தல் இதுதான். அவிழ்ந்த புரதங்கள் சிறு சிறு துகள்களாகச் சேர்ந்துகொள்ளவும் செய்கின்றன. ஆனால் பாலின் பி.எச். இன்னும் 6.5 அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் சுமந்து ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒட்டுவதற்குத் தயாராக இருந்தும் ஒட்ட முடியாத நிலை. காய்ச்சிய சோயா பால் முழுக்க முழுக்க இந்த நிலையில் இருக்கிறது. புரதம் இயல்பிழந்துவிட்டது, திரியவில்லை. பார்ப்பதற்குப் பச்சைப் பாலும் காய்ச்சிய பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், நடந்திருக்கும் மாற்றம் கண்ணில் படுவதில்லை.

இந்த நிலை எவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கிறது என்பதைச் சூடான காபியில் சோயா பாலை ஊற்றியவர்கள் கண்டிருப்பார்கள். காபியின் லேசான அமிலமும் சூடும் சேர்ந்து, சில நொடிகளில் மேலே தயிர்த் துணுக்குகள் மிதக்கத் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். அது கெடவில்லை, டோஃபு ஆகத் தொடங்கிவிட்டது.

காய்ச்சும்போது நடக்கும் ஒரு தவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்முறை அறையில் டோஃபு தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் அதுதான். சோயாவில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. உண்மையான கொதிநிலை வருவதற்கு வெகு முன்பே பால் நுரைத்துப் பொங்கி விளிம்புக்கு ஏறும். பசும்பால் காய்ச்சிப் பழகிய கை, பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடும். அந்த நேரத்தில் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தால் இன்னும் 90-ஐத் தொட்டிருக்காது. ஒரு புரதம் அவிழ்ந்து, உறுதி தரும் கிளைசினின் அவிழாமல் நின்றுவிடும். பிறகு எந்த உப்பைச் சேர்த்தாலும் டோஃபு சொதசொதவென்று இருக்கும், அழுத்தினால் பிதுங்கும். செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும் முழுதாகச் செயலிழந்திருக்காது. நுரை எழும்பும்போது தீயைத் தணித்து, கிளறி, நுரையை அடக்கி, அதன்பின் உண்மையாகவே கொதித்து மேலும் பத்து நிமிடம் கழிய வேண்டும். காய்ந்த பாலின் மேலே படரும் ஆடையைப் பார்த்து அதுவே திரிதல் என்று எழுதுபவர்களும் உண்டு. அது மேற்பரப்பில் நீர் வற்றி, அங்கே புரதமும் கொழுப்பும் அடர்ந்து உருவாகும் படலம். ஜப்பானில் அதைத் தனியே எடுத்து உலர்த்தி யூபா என்று உண்கிறார்கள்.

கொதித்த பாலை 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, இனி விலக்கத்தை நீக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் அமிலம் இவற்றில் ஒன்றைச் சேர்த்து பி.எச்.-ஐக் குறைப்பது பன்னீரில் பார்த்த வழி. இன்னொன்று, கால்சியம் அல்லது மக்னீசியம் உப்பு சேர்ப்பது. இந்த இரண்டு உலோக அயனிகளும் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டவை. புரதத் துகளின் எதிர்மின்னூட்டத்தை அடக்குவதோடு, இரண்டு புரதங்களுக்கு இடையே பாலமாகவும் நிற்கின்றன. சீனாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். ஜப்பானில் கடல்நீரிலிருந்து உப்பெடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து வரும் நிகாரி. அதில் முதன்மையானது மக்னீசியம் குளோரைடு.

இரண்டில் எதை எடுத்தாலும் டோஃபு வரும், ஆனால் ஒரே டோஃபு வராது. மக்னீசியம் குளோரைடு நீரில் உடனே கரைவதால் பால் சட்டென்று முறிந்து கரடுமுரடான கட்டி வரும். கால்சியம் சல்பேட் நீரில் மிகக் கொஞ்சமே கரையும்; கரையக் கரையத்தான் கால்சியம் கிடைக்கும். அதனால் உறைதல் மெதுவாக நடந்து, வலை சீராகப் பின்னி, நீரை அதிகம் பிடித்த மென்மையான டோஃபு வருகிறது. நூறு கிராம் சோயாவுக்கு உணவுத்தர கால்சியம் சல்பேட் இரண்டரை முதல் மூன்று கிராம் போதும். ஐம்பது மி.லி. நீரில் கலக்கி, அடியில் தங்குவதால் ஊற்றும்போதெல்லாம் மறுபடி கலக்கி, இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். கட்டடப் பணிக்கு வரும் ஜிப்சத்தையோ பிளாஸ்டர் ஆஃப் பாரிசையோ இதற்குத் தொடக் கூடாது.

சேர்த்தபின் கிளறாமல் மூடி வைத்துக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். கட்டிகளுக்கு இடையே ஒதுங்கும் நீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்தால் அளவு சரி. வெண்மையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உப்புக் கரைசல் வேண்டும், அல்லது பால் ஆறிப்போயிருக்கும். துணி விரித்த துளைப்பெட்டியில் அள்ளி வைத்து, மேலே எடை ஏற்றி அரை மணி நேரம் விட்டால் டோஃபு தயார். எடுத்த சோயாவின் எடையைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கிடைக்கும். எவ்வளவு அழுத்தினோம், எவ்வளவு நீர் உள்ளே நின்றது என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும். ஆகவே எடையை மட்டும் வைத்து ஒருவருடைய டோஃபு சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

நீர் பிரிந்தால்தான் திரிதல் என்று நினைத்துவிடவும் கூடாது. பெட்டியிலேயே உறைந்து வரும் வழுவழுப்பான சில்க்கன் டோஃபுவில் நீர் பிரிவதே இல்லை. அதற்குக் குளுக்கோனோ டெல்டா லாக்டோன் என்ற பொருளைக் குளிர்ந்த சோயா பாலில் கலந்து, பெட்டியில் அடைத்துச் சூடாக்குகிறார்கள். சூட்டில் அது மெல்ல மெல்ல அமிலமாக மாறுகிறது. பாலின் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பி.எச். இறங்குகிறது, யாரும் கிளறுவதில்லை. முழுப் பாலும் அப்படியே ஒரே கட்டியாகிறது. பசும்பாலில் இதற்கு இணையானது நம் வீட்டுத் தயிர். உறைமோரின் நுண்ணுயிரிகள் இரவெல்லாம் மெதுவாக அமிலத்தை உண்டாக்க, கேசீன் வலை நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதே கேசீன், அதே அமிலச் செயல். சூட்டில் சட்டென்று சேர்த்துக் கிளறினால் பன்னீர், மெதுவாக அசையாமல் சேர்ந்தால் தயிர். உப்போ அமிலமோ, அது வந்து சேரும் வேகம்தான் கட்டியின் தன்மையை முடிவு செய்கிறது.

இவ்வளவையும் செய்து பார்த்தவர் விடைத்தாளில் எழுத வேண்டியது சில வரிகள்தான். பன்னீர், அமிலத்தால் கேசீன் திரிவது. முன்கூட்டிய வெப்பம் தெளிநீர்ப் புரதங்களையும் அதோடு சேர்க்கிறது. டோஃபு, வெப்பத்தால் இயல்பிழந்த சோயாப் புரதம் உப்பாலோ அமிலத்தாலோ திரிவது. இங்கே வெப்பம் தவிர்க்க முடியாத முதல் படி. சோயா பால், இயல்பிழந்தும் திரியாமல் நிற்கும் கூழ்மம். வெப்பத்தால் மட்டுமே திரிவதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் அவித்த முட்டையைச் சொல்லலாம், இந்த மூன்றையும் அல்ல. ஆதாரமாகக் கோப்பைகளை அருகருகே வைக்கலாம்: அமிலம் விட்ட பச்சைச் சோயா பாலின் வண்டல், எதுவும் சேர்க்காத காய்ச்சிய சோயா பால், உறைந்த டோஃபு.

வாய்மொழித் தேர்வில் இதை ஒட்டி வரும் கேள்வி ஒன்று எனக்குப் பிடிக்கும்: "உப்புதானே திரிய வைக்கிறது? சமையலுப்பு போட்டால் டோஃபு வருமா?" வராது. காய்ச்சிய சோயா பாலில் ஒரு தேக்கரண்டி சமையலுப்பைப் போட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும் சோயா பால்தான் இருக்கும். சோடியத்துக்கு ஒற்றை நேர்மின்னூட்டம். கூழ்மத்தைத் திரிய வைக்கும் ஆற்றல், எதிரெதிர் அயனியின் மின்னூட்டம் கூடக் கூடப் பல மடங்கு ஏறும் என்று மேல்நிலை வேதியியலில் வரும் ஹார்டி–ஷூல்ஸ் விதி சொல்கிறது. அதோடு, ஒற்றைக் கையுள்ள சோடியம் இரண்டு புரதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பாலமாகவும் ஆக முடியாது. அதே பாலில் கால் தேக்கரண்டி உணவுத்தர மக்னீசியம் குளோரைடைக் கொஞ்சம் நீரில் கரைத்து விட்டால், கரண்டியை எடுப்பதற்குள் கட்டி ஒதுங்கத் தொடங்கிவிடும்.